இறக்கவும் என்பதோடு முடிந்த அட்டை

எனக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்றும் இல்லை என்று நினைப்பவள் நான். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன எலெக்ட்ரிக்கல் கடையை எட்டு வருஷமாக நடத்துகிறேன். ஆனால் அடுப்படியில் ஆம்லெட்டைத் தாண்டிப் போனதில்லை. அம்மா சமைப்பாள், நான் சாப்பிடுவேன்.

எதிர் வீட்டு அக்காவுக்கு ஆடி மாதத்தில் கணவர் தவறிவிட்டார். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளி கிடையாது, பலகாரம் செய்யக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் அவர்கள் வீட்டுத் தேங்காய் லட்டு ஒரு டப்பா எங்கள் வீட்டுக்கு வரும். ரம்ஜானுக்கு அதே டப்பாவில் பிரியாணி திரும்பிப் போகும்.

ஒருநாள் மாடிப்படியில் அவர்கள் பெண்ணைப் பார்த்தேன். நாலாவது படிக்கிறாள். "இந்த வருஷம் லட்டு இல்லையாம் ஆன்ட்டி. பரவால்ல" என்றாள். அந்தப் பரவாயில்லையை என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் பண்ணித் தரேன்டா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அம்மா அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பது நினைவுக்கு வந்தது. கடையில் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் மனதில் இருந்தது அவர்கள் வீட்டு லட்டு.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா உள்ளே போய், ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின். உலர்ந்த தேங்காய்த் தூள் இரண்டரை கப், அதில் அரை கப்பைத் தனியாக எடுத்து வைக்கவும். நெய் ஒரு ஸ்பூன், ஏலக்காய் நாலு. சிறு தீயில் தூளைச் சிவக்காமல் இரண்டு நிமிஷம் நெய்யில் வறுக்கவும். பாலை ஊற்றிக் கைவிடாமல் கிளறவும். கடாயின் ஓரத்தை விட்டுப் பந்தாகச் சேர்ந்து வந்ததும் ஏலக்காய்ப் பொடி தூவி இறக்கவும்.

அவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் கடையை மத்தியானமே மூடிவிட்டு ஆரம்பித்தேன். எல்லாம் எழுதியபடியே நடந்தது. ஏழெட்டு நிமிஷத்தில் கலவை திரண்டு வந்தது. ஆனால் தளதளவென்று இருக்கிறதே, இது எப்படி உருண்டையாக நிற்கும் என்று என் புத்தி வேலை செய்தது. இன்னும் ஐந்து நிமிஷம் கிளறினேன். சூடாக இருக்கிறதே என்று நன்றாக ஆறவிட்டேன். பிறகு கையில் எடுத்துப் பிடித்தால் மணல்போல உதிர்கிறது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இறக்கவும் என்பதற்குப் பிறகு ஒரு எழுத்து இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அட்டையோடு போய் எதிர்க் கதவைத் தட்டினேன். "இன்னாக்கா, பாதியில விட்டுட்டீங்க? எப்ப உருட்டணும், எவ்ளோ பெரிசு, ஒண்ணுமே எழுதலையே."

அக்கா அட்டையை வாங்கிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "கிளறி இறக்கிக் குடுப்பேன். உருட்டுறது அவருதான். டிவி முன்னாடி தட்டோட உட்கார்ந்துடுவாரு. நான் ஒரு தடவைகூட உருட்டினதில்ல."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அக்காவே, "உதிருதா? ரொம்ப கிளறிட்டியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "எங்க வூட்லதான் பண்ணக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக்கூடப் போடாமல் என் சமையலறைக்குள் வந்தார். கடாயை மறுபடி சிறு தீயில் வைத்து, மூன்று ஸ்பூன் சூடான பாலைத் தெளித்துக் கிளறினார். உதிர்ந்தது சேர்ந்தது. தட்டில் கொட்டிக் கை பொறுக்கிற சூட்டுக்கு வரும்வரை இருவரும் விரலை வைத்து வைத்துப் பார்த்தோம். உள்ளங்கையில் நெய் தடவி அவர் ஒன்று பிடித்தார், நான் ஒன்று பிடித்தேன். எடுத்து வைத்திருந்த தூளில் புரட்டினோம். இரண்டும் கோணல். இருந்தாலும் நின்றன. இருபத்துமூன்று வந்தது.

அவர் பெண்ணைக் கூப்பிட்டோம். வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் மென்றாள்.

"டேஸ்ட் அதேதான்" என்றாள். பிறகு தட்டைப் பார்த்து, "ஆனா அப்பா உருட்டினது ரவுண்டா இருக்கும்" என்றாள்.

அக்கா அந்தச் சாவுக்குப் பிறகு என் முன்னால் அழுதது அப்போதுதான். அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் நெய்யைக் கையில் தடவிக்கொண்டு, கோணலான ஒன்றை எடுத்து மறுபடி உருட்ட ஆரம்பித்தார்.