பாதி மாசத் திவால்

எங்கள் பேக்கரி முதலாளியம்மா ஒவ்வொரு மாதமும் முதல் தேதியே திவாலாகி, கடைசித் தேதிக்குள் மெல்ல எழுந்துவிடுவார். எல்லாம் கல்லா கம்ப்யூட்டரின் வேலை. போன வருடம் இதே மாத விற்பனையையும் இந்த மாதம் இன்றுவரை விற்றதையும் அது பக்கத்துப் பக்கத்தில் காட்டும்.

பதினான்காம் தேதி கடை மூடும் நேரத்திலும் அதே ஒப்பாரி. "அறுநூறு கேக் வித்த இடத்துல முந்நூறு! இழுத்து மூடவேண்டியதுதான்."

வேன் ஓட்டும் அவர் கணவர் சிரித்தார். "அது முழு மாசம்டி, இது பாதி. போன வருஷமும் முதல் பதினாலு நாளை மட்டும் பாரு."

கல்லாவில் இருந்த நான் பார்த்தேன். இருநூற்று அறுபதுதான்.

"அட, ஏறித்தான் இருக்கு!" அம்மா முகம் மலர்ந்தது. ஐயா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"போன வருஷம் நூறு லிட்டர், இப்போ அம்பத்தஞ்சுதான், பெட்ரோலைப் பாதியாக் குறைச்சுட்டேன்னு காலையில பீத்திக்கிட்டாரே," என்று அம்மா என் பக்கம் திரும்பினார். "அதையும் பதினாலு நாளுக்குப் பாரும்மா."

வேன் பெட்ரோல் கணக்கும் அதே கம்ப்யூட்டரில் இருந்தது. போன வருடம் முதல் பதினான்கு நாளில் நாற்பது லிட்டர்தான்.

ஐயா வேன் சாவியைத் தேடி எடுத்தார். "முழு மாசக் கணக்கே நல்லா இருந்துச்சு," என்று முனகிக்கொண்டே வெளியே போனார்.