பழைய எண்ணில் போன கடிதம்

செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துக்கு நான் நர்ஸாக வந்து சேர்ந்தபோது என் மகளுக்கு நான்கு வயது. எங்கள் வீடு தென்காசிப் பக்கம். கணவர் அங்கே அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவர் வேலையும் இங்கே நகராது, என் வேலையும் அங்கே நகராது. குழந்தை அப்பாவோடும் அத்தையோடும் இருக்கட்டும், ஒரு வருஷத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இப்போது அவளுக்குப் பதின்மூன்று. ஒரு வருஷமாம்! என் வாயைத்தான் அடிக்க வேண்டும்.

துணை சுகாதார நிலையத்தின் பின்னாலேயே எனக்குக் குவார்ட்டர்ஸ். புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாட்களில் வீடுவீடாகக் கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைகள். ஊரில் எந்தக் குழந்தை எப்போது நடந்தது, எதற்கு எப்போது பல் முளைத்தது எல்லாம் எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கு முன்பல் விழுந்ததைப் போனில்தான் பார்த்தேன். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன்.

முன்பு போட்டவையெல்லாம் தள்ளுபடியாகி, கடைசியாகக் கொடுத்த மாறுதல் மனுவுக்கே மூன்று வருஷம் ஓடிவிட்டது. மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் தன் மாவட்டத்து மனுக்களை மனு வந்த தேதி வரிசையில் பட்டியல் போட்டுச் சென்னைக்கு அனுப்புவார். நடுவில் நினைவூட்டல் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தேன். அரசாங்கக் கடிதத்தில் 'பொருள்' என்ற வரிக்குக் கீழே 'பார்வை' என்று ஒரு வரி உண்டு. முன்னால் நடந்த கடிதப் போக்குவரத்தின் எண்ணை அங்கே எழுதினால்தான் அலுவலகத்தில் எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரியும். என் மனுவின் எண் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

போன மல்லாட்டை அறுப்பில்தான் இங்கே கூலி வேலைக்குப் போகும் ஒருத்தியின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இங்கே வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். செடி பிடுங்கும் நாட்களில் பெண்கள் பிள்ளையை வரப்பில் உட்காரவைத்துவிட்டு வேலை பார்ப்பார்கள். பசித்து அழுதால் மண் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அதே கையால் சோறு ஊட்டுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கூலி வேலையில் நிற்க நேரம் ஏது? ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. நான் போய்ப் பார்க்கும்போது உடம்பில் நீர் வற்றிக் கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைப் பிடித்து விட்டால் மெதுவாகத்தான் இறங்கியது. உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற்றிச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டது. அந்தத் தாய்க்குத்தான் முகத்தில் ஈ ஆடவில்லை.

"நான் கையத் தொடச்சிட்டுத்தான நர்ஸம்மா ஊட்னேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்க நன்றாகத் தெரியும், பிளஸ் டூ முடித்தவள்.

துடைப்பது வேறு, சோப்புப் போட்டுக் கழுவுவது வேறு என்று என் நிலையத்துச் சுவரிலேயே போஸ்டர் இருந்தது. என்ன பிரயோஜனம்? மேலிருந்து வந்த போஸ்டரில் பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். படத்தில் நுரையும் சிரிக்கிற அம்மாவும் இருந்ததால் பலபேர் அதைச் சோப்பு விளம்பரம் என்றே நினைத்தார்கள். "எந்தக் கடையில விக்குது நர்ஸம்மா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். சரி, நானே எழுதுவோம் என்று சார்ட் பேப்பர் வாங்கி ஸ்கெட்ச் பேனாவில் கைகளை வரைந்தேன். அங்கன்வாடி டீச்சர் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா சிஸ்டர் இது, வாழப்பழ சீப்பா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே அலுவலருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

வழக்கம்போல் பழைய மனுவின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுப்புநர், பெறுநர் எல்லாம் அப்படியே பார்த்து எழுதினேன். பொருளுக்கு எதிரே, தமிழில் கை கழுவும் சுவரொட்டிகள் வேண்டுதல். கீழே நிறைய எழுதினேன். சமைக்கும் முன், ஊட்டும் முன், பால் கொடுக்கும் முன், கழிவறை போய் வந்த பின், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின் என்று எப்போதெல்லாம் கழுவ வேண்டும் என்பது பெரிய எழுத்தில் வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம் என்று படம் வேண்டும். இந்த ஊர்த் தாய்மார்கள் படிக்கத் தெரிந்தவர்கள், அவர்கள் படிக்கிற மொழியில் கொடுத்தால் போதும் என்று முடித்தேன். அழகான கடிதம். இரண்டு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நேராக அனுப்ப முடியாது, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையில் உறையைப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு.

"இன்னா சிஸ்டர், திரும்பவும் டிரான்ஸ்ஃபரா?"

"இல்ல மேடம், இது ஊருக்கு. போஸ்டர்."

"அப்ப கண்டிப்பா கெடைக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் வாக்கு பலித்துவிட்டது.

ஒரு மாதத்துக்குள் கட்டு வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நல்ல தடித்த தாள், தமிழில் பெரிய பெரிய எழுத்து, நான் கேட்ட அத்தனையும் இருந்தது. மைதாவைப் பூச்சி அரிக்காமல் இருக்கத் துரிசு போட்டுப் பசையாகக் காய்ச்சி அன்றைக்கே ஒட்டக் கிளம்பினேன். அங்கன்வாடி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு சுவர் விடவில்லை. பசை கையெல்லாம் காய்ந்து இழுத்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கட்டோடு வந்த கடிதத்தை மறுநாள்தான் எடுத்துப் பார்த்தேன். 'பார்வையில் கண்ட தங்களது கோரிக்கை நிறைவேற்றப்பட்டது. கோப்பு முடிக்கப்பட்டது.' மேலே இருந்த எண்ணைப் பார்த்தேன். என் மாறுதல் மனுவின் எண்.

என் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பழைய மனுவைப் பார்த்து எழுதும்போது 'பார்வை' வரியையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். மூன்று வருஷமாக எழுதிய கை, அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. அடி பாவி என்று தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அந்தக் கோப்பைப் பார்க்கிற உதவியாளர் நல்ல மனிதர். கேட்டுவிட்டுக் கோப்பை எடுத்துப் புரட்டினார்.

"சிஸ்டர், அந்த நம்பர் போட்டு வந்ததால அந்த ஃபைல்லயே வச்சி மேல அனுப்பிட்டோம். கடைசியா வந்த லெட்டர் போஸ்டர்தானே? ஐயா சாங்ஷன் பண்ணி க்ளோஸ் பண்ணிட்டாரு. திங்கக்கெழம லிஸ்ட் சென்னைக்குப் போவுது, அதுல உங்க பேரு இல்ல."

"வேற வழியே இல்லையா சார்?"

"ஒண்ணு இருக்குது. அந்த உத்தரவையே ரத்து பண்ணணும். நம்பர் தப்புன்னு எழுதிக் குடுங்க, போஸ்டரையும் திருப்பி அனுப்பிடுங்க. ஸ்டாக்கு திரும்பி வந்தாதான் ரத்து பண்ண முடியும். ஒட்டலல்ல?"

"ஒட்டிட்டேன் சார்."

"அத்தினியுமா?"

"அத்தனையும்."

"அடடா" என்றார். "அப்ப புதுசாத்தான் மனு போடணும் சிஸ்டர். தேதியும் இன்னைலருந்துதான் கணக்கு."

நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு வாளித் தண்ணீரும் கத்தியும் எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன். ஊராவது தாய்மாராவது, என் பிள்ளையைவிடவா என்று ஒரு வெறி. சுவரை நனைத்து ஓரத்தைக் கத்தியால் நெம்பினேன். மைதாப் பசை சும்மா விடுமா? பட்டை பட்டையாகக் கிழிந்து வந்தது. முதல் போஸ்டர் பாதி போய்விட்டது. இனி எதை ஒட்டவைத்துத் திருப்பி அனுப்ப?

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அந்தக் குழந்தையின் அம்மா, இடுப்பில் குழந்தையோடு.

"ஏன் நர்ஸம்மா கிழிக்கிறீங்க? நேத்து ராத்திரி எங்க வூட்டுக்காரர இட்டாந்து இதத்தான் படிச்சிக் காட்னேன்."

அழுகை வந்துவிட்டது. அவள் பதறிப்போய்க் குழந்தையை இறக்கிவிட்டாள். எதற்கு அழுகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் அவள் தன் குழந்தையால்தான் என்று நினைத்துக்கொள்வாள். கிழிந்த தாளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மற்றதையெல்லாம் தொடவில்லை.

அன்றே புது மனு எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தேன். மறைக்க மனசில்லை.

"எம்மா, ஆர்டர் வந்துட்டா?" வழக்கம்போல் அதுதான் முதல் கேள்வி.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். அப்பா மாதிரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த போஸ்டர்ல என்னம்மா எழுதிருக்கு?"

கை கழுவுவது பற்றி என்றேன். முழுசாகப் படிக்கச் சொன்னாள். எனக்குத்தான் மனப்பாடமே. இரண்டு உள்ளங்கையையும் தேய், புறங்கையைத் தேய், விரலிடுக்கில் தேய் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இருக்கியா கண்ணு?"

"இருக்கேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீ எனக்குக் கை கழுவிவிட்டது ஒரு தடவகூட எனக்கு ஞாபகம் இல்லம்மா. கழுவிவிட்டிருக்கியா?"

கழுவிவிட்டிருக்கிறேன். நான்கு வயது வரைக்கும் தினமும் நான்தான் கழுவிவிட்டேன். அதைச் சொன்னேன். சொல்லும்போது, அதை நினைவில் வைத்திருப்பது நான் ஒருத்திதான் என்பது புரிந்தது. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போல் இருந்தது. அவளுக்கு இனி யாரும் கை கழுவிவிட வேண்டியதில்லை.