காற்றை மட்டும் சொன்ன தாள்

ராஜலட்சுமிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். ஜூஜுவாடிப் பக்கம் ரொட்டிக்கான ஈஸ்ட் தயாரிக்கும் ஆலையில் கெமிஸ்ட் வேலை கிடைத்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஈஸ்டின் உள்ளே நடப்பது தெரியாமல் ஆபரேட்டர்கள் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. செல்லுக்குள் சர்க்கரை மாறிப்போகும் ஒரு பாதைக்கு ஒரு தாள் என்று தமிழில் எழுத ஆரம்பித்தாள். இடப்பக்கம் உள்ளே போவது, வலப்பக்கம் வெளியே வருவது, நடுவில் முக்கிய என்சைம்கள். செல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இடங்களுக்குச் சிவப்பு மை.

முதல் தாள் கிளைகாலிசிஸ், அதாவது சர்க்கரை உடையும் பாதை: ஒரு குளுக்கோஸ் போனால் இரண்டு பைருவேட், ஆற்றலாக நிகரம் இரண்டு ஏடிபி, இரண்டு என்ஏடிஹெச். இரண்டாவது, அந்தப் பைருவேட் பிரியும் இடம். பைருவேட் டிஹைட்ரஜனேஸ் வழியில் போனால் அது எரிந்து ஈஸ்டை வளர்க்கும். பைருவேட் டிகார்பாக்சிலேஸ் வழியில் போனால் கடைசியில் ஆல்கஹால். எந்த வழி என்று தீர்மானிப்பதாகச் சிவப்பில் 'ஆக்சிஜன்' என்று மட்டும் போட்டு, லேமினேட் செய்து கன்ட்ரோல் பேனலுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

மார்ச் மாதம் ஒரு காலை ஷிப்டில், ஈஸ்ட் வளரும் தொட்டியிலிருந்து வெளியேறும் காற்றில் ஆல்கஹால் ஏறியது. ஆபரேட்டர் திம்மப்பன் கெலமங்கலத்துக்காரர். தாளைப் பார்த்துவிட்டு, தொட்டிக்குள் காற்றூதும் ப்ளோயரைக் கூட்டினார். அரை மணி நேரம் கழித்துத்தான் அவளுக்குப் போன் போட்டார்.

"காத்த முழுசா வுட்டாச்சு மேடம். ஏறிக்கிட்டே இருக்குது."

ராஜலட்சுமி வந்து பார்த்தாள். ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. ஈஸ்டுக்குச் சர்க்கரை ஊட்டும் மொலாசஸ் பம்புதான் அளவுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"மொலாசஸக் கொறைங்கண்ணா."

"எனக்கும் அதான் தோணுச்சு. தாள்ல காத்துன்னுதானே போட்டிருக்கு?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. பம்பைக் குறைத்ததும் மீட்டர் மெல்ல இறங்கியது. ஈஸ்ட் அந்த ஆல்கஹாலில் கொஞ்சத்தைத் திரும்பத் தின்றது. ஆனாலும் அந்தத் தொட்டியில் விளைச்சல் குறைந்துதான் போனது.

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் நாராயணப்பன், "அரை மணி நேரம் என்ன பண்ணீங்க?" என்று திம்மப்பனைக் கேட்டார்.

"தப்பு என் மேலதான் சார்" என்றாள் ராஜலட்சுமி. "சர்க்கரை அதிகமானா, ஆக்சிஜன் இருந்தாலும், எரிக்க முடியாத பைருவேட் ஆல்கஹால் பக்கம் வழிஞ்சிரும். அதை நான் தாள்ல எழுதல. அவர் தாளை நம்பிட்டாரு."

"அப்ப தாள் எல்லாத்தையும் கழட்டிரலாமா?" என்றார் மேனேஜர்.

"வேணாங்க சார்" என்றார் திம்மப்பன். "வுட்டுப்போனத எழுதித் தரட்டும்."

அன்று மாலையே இரண்டாவது தாளைப் புதிதாக எழுதினாள். ஆக்சிஜனுக்குக் கீழே சிவப்பில் இன்னொரு வரி: சர்க்கரை வரும் வேகம். லேமினேட் செய்யும் முன் திம்மப்பனிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே படித்தார்.

"எந்த மீட்டர மொதல்ல பாக்கணும்னு போடலயே மேடம்?"

பேனாவை எடுத்து அதையும் சேர்த்தாள். பைருவேட் எரியும் சிட்ரிக் அமிலச் சுழற்சிதான் மூன்றாவது தாள்; மாட்டும் முன்பே அது திம்மப்பனிடம் இரண்டு வாரம் இருந்தது. அவருடைய ஐந்து கேள்விகளோடு திரும்பி வந்தது.