வீதக் குறிக்குப் பின்னால் போன வரிகள்

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். இரசாயனம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு இரசாயனச் செய்முறைக் கைநூலோடு மூன்று கிழமை மல்லுக்கட்டியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய அச்சகத்தில் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணக் காட், கோயில் நோட்டீஸ், டியூட்டரிப் பாடத் தாள்கள், இவைதான் எங்கள் வேலை. ஒருநாள் வெள்ளவத்தையில் தங்கியிருந்த ஒரு பெண் இரசாயன விரிவுரையாளர் வந்தார். யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறவர். மருத்துவத்துக்காகக் கொழும்புக்கு வந்து, தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால் திரும்பிப் போகக் கப்பலில் இடம் கேட்டுக் காத்திருந்தார். அங்கே பிள்ளைகளுக்குத் தமிழில் செய்முறைக் கைநூல் இல்லை. கொழும்பில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதை இவர் கொப்பியில் தமிழாக்கி வைத்திருந்தார். ஆங்கில மூலம் ஒரு பிளாப்பியில் இருந்தது.

"தம்பி, இது லேடெக் எண்ட அச்சுப் புரோகிராமில எழுதினது," என்றார். "சாதாரணமாத் தட்டுற மாதிரி இல்லை. சமன்பாடு, படம், இலக்கம் எல்லாத்துக்கும் கட்டளை இருக்கு. நீங்கள் இங்கிலீஷ் வசனத்தை மட்டும் எடுத்துப்போட்டு என்ர தமிழை வையுங்கோ. சாய்கோடு போட்டுத் தொடங்கிறது எதையும் தொடாதேங்கோ. வளைவு அடைப்பு ஒண்டு குறைஞ்சாலும் முழுக்கக் கவிழும்."

"ஓம் மிஸ்," என்றேன். அது லேசான வேலை என்றுதான் நினைத்தேன்.

முதல் நாளே சூத்திரங்கள் கெட்டன. அந்தக் காலத்தில் கணினியில் தமிழுக்குத் தனி இடம் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருந்தன. எங்கள் எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய H இருக்கும் இடத்தில் 'ர்', S இருக்கும் இடத்தில் 'ளு', O இருக்கும் இடத்தில் 'ழு'. சல்பூரிக்கமிலத்தின் சூத்திரம் தாளில் 'ர்₂ளுழு₄' என்று வந்தது. இலக்கம் மட்டும் கீழே சரியாக இறங்கியிருந்தது.

அவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இதை எந்தப் பிள்ளை வாசிக்கும்?" என்றார். முதலாளிதான் சிரித்தார். அவர் மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஆள். "என்னய்யா, மந்திரம் அடிச்சிருக்க?" என்றார். சூத்திரம் ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றும் கட்டளைக்குள் கையால் அடைத்தேன். அதற்கே ஐந்து நாள் போனது.

பிறகு குறிகளின் தொல்லை. சூடு, கூடு, நூறு என்று எந்தச் சொல் வந்தாலும் கணினி நின்றது. எங்கள் எழுத்துருவில் 'கூ' இருந்த இடம் டொலர் குறி. லேடெக்கில் டொலர் குறி வந்தால் கணிதம் தொடங்குகிறது என்று பொருள். 'சூ', 'நூ' இருந்த குறிகளுக்கும் அதில் வேறு அர்த்தம். ஆங்கிலத்தில் பிழை என்று அலறும். அலறினால் தேடித் திருத்தலாம். குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் அது வெறும் எழுத்தாக அச்சாகும் என்று மிஸ் காட்டித் தந்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லா டொலர் குறிக்கும் ஒரே அடியில் சாய்கோடு போடச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். அது கீழ்ப்படிந்தது. சூத்திரங்களைச் சுற்றியிருந்த உண்மையான டொலர் குறிகளுக்கும் சாய்கோடு விழுந்தது. கைநூல் முழுவதிலும் சமன்பாடுகள் செத்தன. பழைய பிரதி வைக்கவில்லை. அன்றைக்கு மேசையில் ஓங்கிக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம். திரும்பவும் முதற் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

அதற்கிடையில் மிஸ்ஸுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கொழும்பை விட்டுப் புறப்பட வேண்டும். விட்டால் அடுத்த இடம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. புதன்கிழமை கணினி ஒரு பிழையும் சொல்லாமல் பத்துப் பரிசோதனைகளையும் அச்சிட்டது. நான் பெருமூச்சு விட்டேன்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுத் தாளில் விரல் வைத்துத் தொடர வேண்டும். கல்யாணக் காட்டுக்குக்கூட அதைச் செய்வோம். இதற்குச் செய்யவில்லை. நேரம் இல்லை. அதோடு எங்கள் இருவருக்கும் பயம் முழுக்கச் சூத்திரத்தில்தான். மிஸ் சூத்திரங்களை மட்டும் சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு போனார்.

நாலாம் பரிசோதனையில் பேனை நின்றது.

"தம்பி, இங்க வாங்கோ. இதை வாசியுங்கோ."

வாசித்தேன். 'குழாயைச் சூடாக்கும்போது அதன் வாயை தக்கையால் இறுக அடைக்கவும்.'

"நான் இப்பிடி எழுதினனானா?"

கொப்பியை எடுத்தோம். அதில் இப்படி இருந்தது: 'குழாயைச் சூடாக்கும்போது அதன் வாயை மூட வேண்டாம். நன்றாக ஆறிய பின்னர் தக்கையால் இறுக அடைக்கவும்.'

"இது வெடிக்கும்," என்றார். குரல் மெதுவாகத்தான் வந்தது. "பிள்ளையின்ர முகத்தில வெடிக்கும்."

கணினியில் பார்த்தேன். நான் தட்டிய வசனம் முழுதாக இருந்தது. 'மூட' என்ற இடத்தில் ஒரு வீதக் குறி (%). அதற்குப் பின்னால் அந்த வரி முடியும்வரை தாளில் ஒன்றும் வரவில்லை. அடுத்த வரி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. லேடெக்கில் வீதக் குறி என்றால், இதற்குப் பிறகு இந்த வரியில் இருப்பது எழுதினவருடைய சொந்தக் குறிப்பு, அச்சிடாதே என்று பொருளாம். எங்கள் எழுத்துருவில் வீதக் குறி இருந்த இடத்தில்தான் 'மூ'. டொலர் குறி அலறியது. இது சத்தமில்லாமல் விழுங்கியிருந்தது.

"மூலகம், மூலக்கூறு, மூன்று..." என்று மிஸ் விரல் மடித்தார். "தம்பி, இது இரசாயனப் புத்தகம். 'மூ' இல்லாத பக்கம் எங்க இருக்கு?"

"தேடி மாத்தவா மிஸ்? ஒரே அடியா?"

"ஐயோ, வேண்டாம்! இங்கிலீஷில எழுதினவரின்ர சொந்தக் குறிப்பெல்லாம் வெளியில வந்திடும்."

முதலாளி எட்டிப் பார்த்தார். "வாத்தியாரம்மா, இத விட்டுட்டு நம்ம சாதாரண புரோகிராமிலயே அடிச்சிருக்கலாம்ல?"

"அடிச்சிருக்கலாம்," என்றார் மிஸ் அவரைத் திரும்பிப் பாராமல். "வாசிக்கிறன், விரலை வையுங்கோ தம்பி."

வியாழன் முழுவதும் அவர் கொப்பியை வாசித்தார், நான் விரல் வைத்தேன். காணாமற்போன ஒவ்வொரு வரிக்கும் சாய்கோடு போட்டு மீட்டோம். பகலில் மின்சாரம் இரண்டு தரம் போனது. போனபோது தாளின் ஓரத்தில் விடுபட்டதைக் கையால் எழுதினார். பின்னேரம் எட்டாம் பரிசோதனை முடிந்தபோது அவருக்குக் குரல் கட்டிவிட்டது. ஒன்பதும் பத்தும் பார்க்காமல் கிடந்தன.

"நான் போய்ச் சாமான் கட்டவேணும்," என்றார். "நாளைக்கு விடிய வாகனம் வரும்."

"மிச்சத்தையும் கொண்டுபோங்கோ மிஸ். அங்க போய்ப் பாருங்கோ."

"அங்க போனா ரோனியோ மெசினில பிரதி அடிக்கிறவை இதை வாங்கி உடன அடிச்சிடுவினம். பார்க்காத தாள் என்ர கையில இருக்கக்கூடாது."

கடைசி இரண்டு பரிசோதனைகளையும் பிரித்து என் மேசையில் வைத்தார். எட்டையும் ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குக் காலி வீதி பஸ் பிடிக்கப் போனார்.

அந்த இரண்டையும் நான் தனியே உரக்க வாசித்துத் திருத்தினேன். ஒரு கிழமை எடுத்தது. ஒன்பதாம் பரிசோதனையில் விழுங்கப்பட்ட வரிகள் ஏழு. அதில் ஒன்று செறிந்த அமிலத்தைப் பற்றியது. புதிதாக அச்சிட்டு, வடக்கே போகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று வெள்ளவத்தை லொட்ஜுகளில் கேட்டுத் திரிந்தேன். போகிறவர்களுக்குக் கப்பலில் அனுமதித்த நிறை தங்கள் சாமானுக்கே போதவில்லை. ஒருவர் தாளைப் புரட்டிப் பார்த்து, "இதென்ன, அமிலம், வெடிக்கும் எண்டெல்லாம் கிடக்கு. சென்றியில ஆமிக்காரனுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று திருப்பித் தந்தார்.

அவர் சொன்னது பிழை என்று எனக்கு இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அந்த வருடம் அங்கே பிள்ளைகள் எட்டுப் பரிசோதனைதான் செய்தார்கள்.