அத்தை மறுத்த சிவப்பு மருந்து

எனக்கு முன்கோபம் அதிகம். டாக்டருக்குப் படித்தால் அது போய்விடும் என்று அப்பா நம்பினார். போகவில்லை. கல்யாணமாகி ஓசூருக்கு வந்து தாலுகா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, நான் அதிகமாகச் சண்டை போட்டது என் மாமியாரிடம்தான். அதுவும் ஓர் ஊசி மருந்துக்காக.

என் கணவர் வீட்டாருக்குத் தளிப் பக்கம் நிலம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு. சுத்த சைவம், முட்டைக்கோசில் தவிர முட்டை என்ற சொல் கூட வீட்டுக்குள் வரக் கூடாது. அத்தை அதற்கும் ஒரு படி மேலே. கோமாரி வந்து தொழுவத்தில் கன்றுகள் செத்த வருடம், "கன்னு குடிக்க வேண்டியதை நாம கறந்து குடிச்ச பாவம்" என்று பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு ஏழெட்டு வருடம் முன்பே நடந்தது அது. ராகிக்களியும் கீரையும் பருப்பும்தான் அவர் சாப்பாடு.

நான் பிள்ளை உண்டாகியிருந்த வருடம் அவர் முகம் வெளுத்து, லேசாக எலுமிச்சை நிறம் தட்டியது. நாக்கு வழவழவென்று சிவந்து கிடந்தது. "காலுல எறும்பு ஊர்ற மாதிரியே இருக்குது கண்ணு" என்றார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் ரத்தத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அணுக்கள் குறைவு, இருந்தவையும் பெருத்துப் போயிருந்தன. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்று நீரையும் எடுத்தோம். அத்தை என்னைத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. அமிலத்தைத் தூண்டும் ஊசி போட்டும் அந்த நீரில் துளி அமிலம் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து விளக்கினேன். பி12 என்று ஒரு சத்து. செடி கொடி எதிலும் அது கிடையாது. கறி, முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. உள்ளே போனாலும் அது தானாக உடம்பில் சேராது. இரைப்பை ஒரு பொருளைச் சுரக்கும். அது சத்தைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கூட்டிப்போனால்தான் அங்கே உறிஞ்சப்படும். சிலருக்கு வயதாக ஆக இரைப்பையின் உள்தோல் மெலிந்து, அமிலமும் போய், அந்தத் துணைப் பொருளும் போய்விடும். ஈரலில் சேர்ந்த இருப்பு சில வருடம் ஓட்டும். அதனால் நோய் வருவது தாமதமாகத்தான் தெரியும்.

"அப்போ திரும்பப் பால் குடிச்சா சரியாயிடுமா?" என்றார் என் கணவர்.

"உங்களுக்குச் சாப்பாட்டால இந்தக் குறை வந்தால் சரியாயிடலாம். நீங்க கடைத்தெருவுல பால் காப்பி குடிக்கிறவர், உங்களுக்கு அப்படி வராது. அத்தைக்கு வயிற்றில் அந்தத் துணையே இல்லைங்க. பால் குடிச்சாலும் சத்து வெளியே போயிடும். ஊசிதான், அதுவும் ஆயுசுக்கும்."

அத்தை தலையாட்டினார். மருந்துக் குப்பியை உடைத்தேன். அந்த மருந்தின் நிறமே சிவப்பு, மாதுளைச் சாறு மாதிரி. அத்தை பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அய்யோ சிவனே! ரத்தம்!"

"ரத்தம் இல்லைங்க அத்தை. தொட்டியில கிருமி வளர்த்து அதுலேர்ந்து எடுக்கிறது. நிறமே அப்படி."

"யாருக்கிட்ட சொல்ற? ரத்தச் சோகைக்கு ஈரல்ல எடுத்த ஊசின்னு எங்கூர்ல ஒருத்தனுக்குப் போட்டாங்களே, எனக்குத் தெரியாதா? உசுரு போனாலும் போவுது, இது என் ஒடம்புல ஏறாது."

கத்தினேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். எனக்கு அப்போது நிறைமாதம், பிரசவத்துக்குச் சேலம் கிளம்ப வேண்டும். கடைசியில் அவரே, "நீ நல்லபடியா போயிட்டு வா. நர்சம்மா வந்தா போட்டுக்கறேன்" என்றார். வீட்டுக்கு வந்து ஊசி போடும்படி ஆஸ்பத்திரி நர்சிடம் சொல்லிவிட்டு, நம்பிப் போனேன்.

மூன்று மாதக் குழந்தையோடு திரும்பினேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அத்தை. முகம் தளதளவென்று இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன், நன்றாகத் தேறியிருந்தது. "பாத்தியா! உன் மாமியா கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன்" என்று சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மறுநாள் காலை பேரனுக்குத் தானேதான் தண்ணீர் ஊற்றுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கிணற்றடியில் பலகை போட்டுக் கால்களை நீட்டி உட்கார்ந்தார். அண்டாவில் வெந்நீர். எங்கள் பக்கம் குழந்தையைக் காலில் கிடத்துவதற்கு முன் ஒரு சொம்பு நீரைத் தன் காலிலேயே ஊற்றிச் சூடு பார்ப்பார்கள். தாங்கினால்தான் குழந்தைக்கு. நான் துண்டு எடுக்க உள்ளே போய்க் குழந்தையோடு திரும்பி வந்தபோது அவர் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதமா இருக்குது. கொழந்தைய குடு."

குழந்தையைக் கொடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றேன். அண்டாவிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. அத்தையின் இரண்டு முழங்காலுக்குக் கீழும் தோல் செக்கச்செவேலென்று இருந்தது. ஓரிடத்தில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி கைகளை நீட்டிக்கொண்டிருந்தார்.

அண்டாவில் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் இழுத்தேன். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் என் கணவர் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். இன்னும் ஒரே நிமிடம். அந்த நீர் குழந்தை மேல் விழுந்திருக்கும்.

"ஏமா? என்னாச்சு?" என்றார் அத்தை. தன் காலைப் பார்த்த பிறகும் அவருக்கு விளங்கவில்லை. "எனக்கு ஒண்ணும் சுடலையே."

பச்சைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காலை ஆற்றிக் கட்டுப்போட்டேன். பிறகு அவரை எழுப்பி நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். மூடிய அடுத்த நொடி அடியற்ற மரமாகச் சாய்ந்தார், தாங்கிப் பிடித்தோம். ஊசியால் பாதத்தைக் குத்தினால் தெரியவில்லை. கால் கட்டை விரலை மேலே மடக்கினேனா கீழே மடக்கினேனா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நர்ஸ் வந்தாங்களா, இல்லையா?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நர்சைக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாராம் அத்தை. என் கணவர் மெதுவாக ஒரு மாத்திரைப் புட்டியைக் கொண்டுவந்தார். "ரத்தச் சோகைக்குக் கீரையில இருக்கிற சத்துன்னு பெங்களூர்க் கடையில சொன்னாங்க. சைவம்தானேன்னு வாங்கியாந்தேன். முகமும் தெளிஞ்சுதே..."

ஃபோலிக் ஆசிட். இந்த நோயில் அது ரத்தத்தை ஏற்றும், முகத்தைத் தெளியவைக்கும். ஆனால் பி12 இல்லாமல் நரம்பின் மேலுறை அழிவதை அது தடுக்காது. ரத்தம் நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் சந்தோஷப்படும்போதே தண்டுவடம் கெட்டுக்கொண்டிருக்கும். வீட்டார் மூன்று மாதம் பூரித்துப் பார்த்த முகம் அதுதான்.

அத்தை என் மடியில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினார்.

"ரத்தமாவே இருந்துட்டுப் போவுது. போடு."

முதலில் தினமும், பிறகு வாராவாரமும், பிறகு மாதாமாதமும் போட்டேன். சில மாதங்களில் கைகளுக்கு உணர்வு திரும்பியது. கீரை ஆய்ந்தார், பூத் தொடுத்தார். கால்கள் முழுதாகத் திரும்பவில்லை. கோலும் சுவரும் இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை. ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நேராகவே கேட்டார்.

"பொய் சொல்லாம சொல்லு. அன்னிக்கே போட்டிருந்தா நான் நடந்திருப்பேனா?"

எனக்குப் பொய் வராது. வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"நடந்திருப்பீங்க அத்தை."

வெளியே என் கணவர் வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் சத்தம் கேட்டது. அத்தை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் கேட்டா, வயசாயிட்டுது, அதான் கால் வரலைன்னு சொல்லிடு கண்ணு. அந்த மாத்திரைய அவன் ஆசையா வாங்கியாந்தான்."