காதுக்குப் பின்னால் இருந்த அரிப்பு

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்குத் தலைச்சாயம் போட்டுவிடுவது என் வேலையாக இருந்தது. பார்லருக்குப் போகிறேன் என்றால் விடமாட்டேன். சாயப்பட்டறை லேபில் முப்பது வருஷமாக ஷேடு பார்க்கிறவன் வீட்டில் இருக்கும்போது அவளுக்கு வெளியாள் எதற்கு? கருப்பிலேயே பத்துக் கருப்பைப் பிரித்துச் சொல்வேன் என்று பீற்றிக்கொள்கிற ஆள் நான். பழைய பனியனைத் தோளில் போர்த்திக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்காருவாள். நான் பின்னால் நின்று பிரஷ் பிடிப்பேன். அந்த ஒரு மணி நேரம் கம்பெனிக் கதை அத்தனையும் வரும். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு இன்சார்ஜ். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பீஸும் தப்பாது, ஆளும் தப்பாது, நானும் தப்ப மாட்டேன்.

சாயம் போட்ட பிறகு இரண்டு முறை அவள் சொன்னாள், "ஏனுங்க, காதுக்குப் பின்னால ஒரே அரிப்பா இருக்குதுங்க" என்று. சோப்புப் போட்டு நன்றாக அலசு, சரியாகிவிடும் என்றேன். அலசினாள். இரண்டு நாளில் சரியாகவும் ஆனது. நான் சொன்னது பலித்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் முறை சாயம் போட்ட மறுநாள் காலையில் எழுந்தவளைப் பார்த்து எனக்குக் கைகால் ஓடவில்லை. நெற்றி வீங்கி, இமை இரண்டும் மூடிக்கொண்டு, காதோரம் நீர் கசிந்தது. முப்பது வருஷம் பார்த்த முகம், அடையாளம் தெரியவில்லை. மூச்சு விடச் சிரமமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். இனி அந்தச் சாயம் பக்கமே போகக்கூடாது, தோல் டாக்டர் ஒருவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முகம் பழையபடி ஆக இரண்டு வாரம் பிடித்தது. ஆனதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இனி என்ற தலையில கை வெக்காதீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

வகிட்டில் வெள்ளை ஏறிக்கொண்டே வந்தது. கம்பெனியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை. "வயசானதுக்கு வெக்கமில்லீங்க. கண்ணாடியப் பாத்தா நானாத் தெரியோணும், அவ்வளவுதான்" என்றாள். அவளை அவளாகத் தெரியவைக்க வேண்டும், அவள் தலையில் மறுபடி கை வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்று இரண்டு வேலையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

கடைக்காரர் அம்மோனியா இல்லாத சாயம் ஒன்றை எடுத்து நீட்டினார். பக்கத்து வீட்டு அக்கா, தான் போடும் "கருப்பு மருதாணி" பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் இலை படம் போட்டிருந்தது. அவற்றை லேபுக்கு எடுத்துப்போய், நூல் எண்ணும் லென்ஸை வைத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். அம்மோனியா இல்லாததில் பாரா-பினைலீன்டையமின் இருந்தது. இலை படம் போட்டதிலும் அதே பெயர் கடைசி வரியில் இருந்தது. எங்கள் தொழிலில் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் கிடையாது. சுருக்கமாகப் பிபிடி என்போம். முடிக்குள் போய்க் கருப்பாவது அதுதான்; நான் அவளுக்குப் போட்ட சாயத்திலும் இருந்தது அதுதான். அம்மோனியாவை எடுத்துவிட்டால் வாசம் குறையும், அது குறையாது. பச்சிலை என்று எழுதியதை நம்பி அக்காவின் பாக்கெட்டைப் போட்டிருந்தால் இவள் மறுபடி ஆஸ்பத்திரியில்தான் கிடந்திருப்பாள்.

அவளிடம் சொன்னபோது ஒரு யோசனை கொடுத்தாள். "உங்க பட்டறைச் சாயத்துல பொறந்த கொழந்தைக்கே சட்டை தைக்கறாங்க. டெஸ்ட் எல்லாம் பாஸாகுது. அதையே என்ற தலைக்குப் போட்டா என்னங்க?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சாயம் பருத்திக்கு. உப்பும் சோடாவும் போட்டு அறுபது டிகிரியில் சுற்ற வேண்டும். துணியில் பிடித்துக் கழுவி எடுத்த பிறகுதான் அதை டெஸ்ட் செய்கிறார்கள். டப்பாவில் இருக்கும் தூளை யாரும் குழந்தைக்குப் பூசுவதில்லை. "உன்ற தலைய மெசின்லயா உட முடியும் புள்ள?" என்றேன். பல நாளைக்குப் பிறகு அவளும் சிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. சீப்பில் சுற்றிக்கொண்டு வரும் அவளுடைய நரைமுடியை ஒரு வாரம் சேர்த்தேன். அதைச் சின்னச் சின்னக் கற்றையாக நூலில் கட்டினேன். எதுவும் கலக்காத மருதாணிப் பொடியும், நீலச் சாயம் எடுக்கும் அவுரி இலைப் பொடியும் வாங்கிவந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணி வாங்கும் பையர் கேட்ட ஷேடுக்கு, அவர் அப்ரூவல் கொடுத்து மொத்தத் துணியையும் பல்க்காக ஓட்டுவதற்கு முன், சின்னத் துண்டில் சாயம் போட்டுப் பார்ப்போமே, அதே மாதிரி போட்டுப் பார்த்தேன். மருதாணி மட்டும் போட்ட நரை செங்கல் நிறத்துக்கு வந்தது. அதை அலசிவிட்டு மேலே அவுரி போட்டால் முதலில் ஒரு மாதிரிப் பச்சையடித்தது. இரண்டு நாள் விட்டுவைத்தேன். கரும்பழுப்பாக இறங்கி நின்றது. நேரத்தை மாற்றி மாற்றி ஆறு கற்றை செய்து, அட்டையில் ஒட்டி, நம்பர் போட்டு, அவளைப் பட்டறைக்கே கூப்பிட்டுவந்தேன்.

ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் அட்டையை வைத்து ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டினேன். பகல் வெளிச்சத்தில் நாலாம் நம்பர் நன்றாக இருந்தது, கடை வெளிச்சத்தில் கொஞ்சம் சிவந்தது. அவள் நிதானமாகப் பார்த்துவிட்டு அஞ்சாம் நம்பரில் விரலை வைத்தாள். அவளுடைய முடியைப் பொறுக்கி நான் கட்டியிருந்த முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு மனசு நிறைந்து போயிற்று.

"அப்ப ஞாயித்துக்கிழமை போட்றலாமா?" என்றேன்.

"ஏனுங்க, அப்ரூவல் இல்லாம பல்க் ஓட்டுவீங்களா? டாக்டரு சொல்லட்டும்."

செக்கிங் இன்சார்ஜ் அல்லவா! அன்று மாலை உட்கார்ந்து கேள்விகளை அவளே எழுதினாள். எனக்கு ஒத்துக்காதது எது என்று உறுதியாக எப்படித் தெரியும்? அதற்குச் சொந்தக்காரச் சாயங்கள் எவை? மருதாணியும் அவுரியும் ஆகுமா? வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்? கடைசியாக, கொஞ்சம் தயங்கி, "சாயத் துணியைக் கையில் தொடலாமா" என்று எழுதினாள். துணியை விட்டால் வேறு வேலையில்லாத இந்தத் திருப்பூரில் அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று பதில் வந்தால் அவள் வேலைக்கு எங்கே போவாள்? அதை நான் யோசிக்கவே இல்லை. முடியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தோல் டாக்டர் எங்களைவிடச் சின்ன வயசுப் பெண். போட்ட சாயத்தின் அட்டை, வீங்கியபோது எடுத்த போட்டோ, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். நான் என் அட்டையையும் பெருமையாக நீட்டினேன். அவர் ரசித்துப் பார்த்தார்.

"ரொம்ப அழகாச் செஞ்சிருக்கீங்க. ஆனா நீங்க டெஸ்ட் பண்ணுனது முடியைங்க. முடிக்கு அலர்ஜி வராது. தோலுக்குத்தான் வரும்" என்றார்.

முப்பது வருஷ சர்வீஸ், ஒரு வரியில் முடிந்தது. மனைவி குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பிறகு டாக்டர் அவளிடம் கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது சாயம் போட்டு அரிப்பு இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க" என்றாள்.

யோசிக்காமல் வந்தது அந்தப் பதில். என்னைப் பார்க்காமல் சொன்னாள். டாக்டர் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சொன்ன பொய் அது.

"இருந்துச்சுங்க டாக்டர். ரெண்டு தடவை சொன்னா. நான்தானுங்க சோப்புப் போட்டு அலசச் சொல்லிட்டு, மறுபடியும் நானே போட்டு உட்டேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, இதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று என்றார். இந்த அலர்ஜி முதலில் லேசாகக் காட்டும், போடப் போட ஏறும். அரிப்பு வந்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். பழைய சாயத்தைக் கொஞ்சமாகப் பூசிப் பார்க்கலாமா என்று வீட்டில் ஒருநாளும் விளையாடக் கூடாது. இதையெல்லாம் திட்டாமல் சொன்னார். மனைவி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தடிப்பு நன்றாக ஆறி, மாத்திரை நிறுத்திச் சில வாரம் கழித்துப் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். முதுகில் சின்னச் சின்ன மருந்துப் பொட்டுகளை வரிசையாக ஒட்டி, இரண்டு நாள் தண்ணீர் படாமல், வியர்க்காமல் இருக்கச் சொன்னார்கள். திருப்பூர் வெயிலில் வியர்க்காமல் இருப்பதற்கு அவள் லீவு போட்டு ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். எடுத்த அன்று ஒரு முறையும், இரண்டு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்த்தார்கள். பிபிடி ஒட்டிய இடம் சிவந்து தடித்திருந்தது. அதன் சொந்தக்காரனான இன்னொரு தலைச்சாயப் பொருளும் லேசாகக் காட்டியது. நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த மருதாணி, அவுரி இரண்டும் சும்மா இருந்தன.

அவள் கேள்விகளுக்குப் பதில் ஒவ்வொன்றாக வந்தது. கெட்டியாக நிற்கும் தலைச்சாயம் எதுவுமே இனி வேண்டாம். கையில் வரையும் கருப்பு மருதாணி ஆகவே ஆகாது. பல் டாக்டரோ வேறு டாக்டரோ, மரத்துப்போக மருந்து வைப்பதற்கு முன்னால் இந்த அலர்ஜியைச் சொல்லிவிட வேண்டும். வகிட்டுக்கு மட்டும் தடவிக் கழுவும் தற்காலிகக் கலர் வாங்கினாலும் பின்பக்கம் படித்துத்தான் வாங்க வேண்டும். ஒன்றும் போடாமல் நரையோடு இருப்பதும் ஒரு வழிதான். துணியைப் பற்றி அவள் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பருத்திச் சாயம் வேற குடும்பமுங்க. பாலியஸ்டர்ல அடர்ந்த கலர்ச் சாயம் சிலது சிலருக்கு ஒத்துக்காம போகலாம். அக்குள், முழங்கை மடிப்புல தடிப்பு வந்தா வாங்க. இப்போதைக்கு வேலைக்குத் தாராளமாப் போலாம்."

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது "டீ குடிக்கலாமுங்களா" என்றாள். குடித்தோம். இரண்டாவது டீயும் குடித்தோம்.

டாக்டர் சொன்னபடி, புதிதாக வாங்கிய பொடியையும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்டூலை இழுத்துப்போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "ம், போடுங்க" என்றாள். மருதாணிக்கு இரண்டு மணி நேரம், அலசி, அவுரிக்கு ஒரு மணி நேரம். பழைய சாயத்தைவிட வேலை அதிகம். கம்பெனிக் கதையும் அதிகம்.

நடுவில் கேட்டேன். "அரிக்குதா புள்ள?"

"இல்லீங்க."

இந்த "இல்லீங்க"வை நான் டாக்டர் ரூமில் கேட்டிருக்கிறேன். முடியை ஒதுக்கி, செல்போன் லைட்டை அடித்து, இரண்டு காதுக்கும் பின்னால் குனிந்து பார்த்தேன். தோல் சுத்தமாக இருந்தது. நான் பார்த்து முடிக்கிறவரை அவள் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.