மே மாதத்து இரண்டாயிரம்

சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மனு அடித்துக்கொடுப்பதுதான் என் வேலை. முதுநகரிலிருந்து தினமும் ரயிலில் போய்வருவேன். பட்டா மனு, பென்ஷன் மனு என்று எது வந்தாலும் அழுகையை எடுத்துவிட்டுத் தேதியை வைப்பேன். "அதிகாரிக்கு உன் கண்ணீர் வேணாம்மா, தேதிதான் வேணும்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். கொஞ்சம் கடுகடுப்பான ஆள்தான் நான்.

என் கணவர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். சம்பளம் மாதம் ஆயிரத்து ஐந்நூறு திர்ஹம், அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் பேங்கில் ஏற வேண்டும். பத்தாம் தேதி எனக்கு இருபதாயிரம் அனுப்பிவிடுவார். ஏப்ரலிலிருந்தே "சம்பளம் கொஞ்சம் லேட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பணம் மட்டும் தவறாமல் வந்ததால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு லீவு, கடையில் கூட்டமில்லை. "கம்பெனிக்கு இங்கிலீஷ்ல ஒரு மெயில் அடிச்சுக் குடு" என்று போன் செய்தார். அவரே எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். நீங்கள்தான் எனக்குத் தகப்பன், குடும்பம் தவிக்கிறது, தயவு பண்ணுங்கள் என்று ஒரு பக்கம் போனது.

"இதெல்லாம் ஒண்ணும் வேணாம் மாமா. எந்த மாசம், எவ்வளவு வரணும், எப்ப வரணும், எவ்வளவு வந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க."

"கோவிச்சுக்கிட்டு விசாவ கேன்சல் பண்ணிட்டா?"

"வேலை செஞ்ச கூலியத்தான கேக்குறோம். மரியாதையாவே கேப்போம்."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மார்ச் சம்பளம் ஏப்ரல் ஐந்தில் வந்திருக்க வேண்டும், ஏப்ரல் ஒன்பதில் எழுநூறு மட்டும் வந்தது, பாக்கி எண்ணூறு. ஏப்ரல் சம்பளம் மே ஐந்தில், வரவில்லை. மே சம்பளம் ஜூன் ஐந்தில், வரவில்லை. ஆக மொத்தம் மூவாயிரத்து எண்ணூறு திர்ஹம். பேங்க் ஸ்டேட்மென்ட் இணைக்கப்பட்டுள்ளது. ஜூன் முப்பதுக்குள் கொடுக்கவும், எந்தத் தேதியில் என்று எழுத்தில் பதில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்.

அடித்து முடித்துக் கூட்டிப் பார்க்கும்போதுதான் உறைத்தது. ஏப்ரல் ஒன்பதுக்கு அப்புறம் ஒரு திர்ஹம்கூட வரவில்லை. அப்படியானால் மே பத்தாம் தேதியும் ஜூன் பத்தாம் தேதியும் எனக்கு வந்த பணம்?

"மாமா, எனக்கு எங்கிருந்து அனுப்புனீங்க?"

"முதல்ல மெயில அனுப்பு" என்றார். நான் விடவில்லை.

"ரூம்ல பன்னெண்டு பேரு ஏலச் சீட்டு போடுறோம்ல, அதை எடுத்துட்டேன்."

"எவ்வளவு தள்ளி எடுத்தீங்க?"

"ஐந்நூறு திர்ஹம்."

மகள் காலேஜில் சேரும்போது எடுக்கலாம் என்று வைத்திருந்த சீட்டு அது. ஏலத்தில் ஐந்நூறை விட்டுக்கொடுத்து, நஷ்டத்துக்கு எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார், சம்பளம் மாதிரியே, அதே பத்தாம் தேதியில். மே மாதம் பதினெட்டாயிரம்தான் வந்தது. நான் சும்மா இருந்தேனா? "ரெண்டாயிரம் எங்க போச்சு? அங்க செலவு ஜாஸ்தி ஆயிடுச்சா?" என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அவரும் "ஆமாம்மா, சாப்பாட்டுச் செலவு" என்று சொல்லியிருந்தார். உண்மையில் அந்த மாதம் அவர் சரியாகச் சாப்பிட்டாரா என்றே இப்போது சந்தேகம் வந்தது. ஊரார் அழுகையையெல்லாம் வெட்டி எறிகிறவள், கீபோர்டு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

"மெயில அனுப்பிட்டியா?" என்றார் அவர், ஒன்றுமே நடக்காத மாதிரி.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டேட்மென்டை இணைத்து, அவருடைய மெயிலிலிருந்தே அனுப்பினேன். என்னைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மகளைப் பற்றியும் இல்லை.

மூன்றாம் நாள் அக்கவுன்ட்ஸிலிருந்து பதில் வந்தது. கணக்கு சரி என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் முப்பதில் இரண்டாயிரத்து முந்நூறு, மீதியை ஜூலை ஐந்தில், ஜூன் சம்பளத்தோடு சேர்த்துத் தருவதாக எழுதியிருந்தார்கள். சொன்னபடியே ஏறியது. விசாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"இந்த மாசம் எனக்கு ஒத்த பைசா அனுப்பக் கூடாது. சீட்டுத் தவணைய முன்கூட்டியே கட்டுங்க, நல்லா சாப்பிடுங்க. என் சம்பளத்துல நான் ஓட்டிக்கிறேன்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி சரி என்றார்.

ஜூலை பத்தாம் தேதி ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பேங்க் மெசேஜ் வந்தது. இரண்டாயிரம் ரூபாய். பின்னாலேயே அவரும் அனுப்பியிருந்தார்: "மே மாச பாக்கி."

எனக்குத் தெரிந்த மனு பாஷையிலேயே பதில் அடித்தேன். பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை, நீங்கள் வருவதைத் தவிர.